வேலை செய்யாத நாற்பது ஓம்

நான் கோவில்பட்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. தொண்ணூறுகளின் பின்பாதி. பள்ளியில் எனக்கு முன்பே பதினேழு வருடமாக இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். ஆசிரியர் அறையில் எல்லாரும் அவரை 'சீனியர் சார்' என்றே சொல்வார்கள். காலையிலும் மாலையிலும் வீட்டு மாடியில் டியூஷன் எடுப்பார். பன்னிரண்டாம் வகுப்பில் 'அ' பிரிவு அவருக்கு, 'ஆ' பிரிவு எனக்கு. ஆனால் என் பிரிவில் பாதிப் பேர் அவருடைய டியூஷனிலும் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் நான் வகுப்பில் எதைச் சொன்னாலும் "சார் வேற மாதிரி சொன்னாரு டீச்சர்" என்று ஒரு குரல் வரும்.

அவருக்கு என்னை முதல் வாரத்திலிருந்தே பிடிக்கவில்லை. என்னிடம் நேராக எதுவும் சொல்ல மாட்டார். ஆய்வகச் சாவி வேண்டும் என்று கேட்டால் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, "இங்கனதான் இருந்துச்சு" என்பார். பத்து நிமிடம் கழித்து அதே இழுப்பறையிலிருந்து எடுத்துத் தன் வகுப்புக்குக் கொண்டு போவார். எனக்கும் அவரைப் பிடிக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய குறிப்பேடுகள் தேதி மட்டும் மாறி வருடா வருடம் அப்படியே எழுதப்படுபவை என்று நான் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு பேரும் அதை அவரிடம் கொண்டு போயிருப்பார்கள்.

அரையாண்டுத் தேர்வில்தான் அது வெடித்தது. இயற்பியல் வினாத்தாளை அவர் தயாரித்தார். நடுநிலையாக இருக்கட்டும் என்று என் பிரிவின் விடைத்தாள்களை அவர் திருத்தினார், அவருடையதை நான். பத்து மதிப்பெண் கணக்கு ஒன்று. சாய்சதுரமாக ஒரு படம். இடப்பக்க முனையிலிருந்து வலப்பக்க முனைக்கு மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை. மேல் பாதையில் பத்து ஓம், அடுத்து இருபது ஓம். கீழ்ப் பாதையில் பதினைந்து ஓம், அடுத்து முப்பது ஓம். மேல் பாதையின் நடுச் சந்தியையும் கீழ்ப் பாதையின் நடுச் சந்தியையும் இணைத்து நாற்பது ஓம் மின்தடையுள்ள ஒரு கால்வனாமீட்டர். இரண்டு முனைகளுக்கும் இடையே ஒன்பது வோல்ட் மின்கலம். மின்கலம் தரும் மின்னோட்டம் எவ்வளவு, கால்வனாமீட்டர் வழியே போவது எவ்வளவு? வீட்ஸ்டன் சமனச்சுற்று. இதில் தகராறுக்கே இடமில்லை என்று யாருக்கும் தோன்றும்.

திருத்திய விடைத்தாள் கட்டை வாங்கி வகுப்பில் கொடுத்துக்கொண்டிருந்தேன். பசுவந்தனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண், தாளைக் கையில் வாங்கியதும் அப்படியே நின்றாள். அந்தக் கணக்குக்கு அவளுக்குப் பத்துக்கு இரண்டு. ஓரத்தில் சிவப்பு மையில் 'வழி இல்லை' என்று எழுதியிருந்தது. நான் வாங்கிப் பார்த்தேன். நாலே வரி. பத்துக்கும் இருபதுக்கும் உள்ள விகிதமும் பதினைந்துக்கும் முப்பதுக்கும் உள்ள விகிதமும் ஒன்று, எனவே சுற்று சமநிலையில் இருக்கிறது. கால்வனாமீட்டரில் மின்னோட்டம் சுழி, எனவே அந்தக் கிளையை நீக்கலாம். மேலே முப்பது ஓம், கீழே நாற்பத்தைந்து ஓம், பக்க இணைப்பில் பதினெட்டு ஓம். ஒன்பது வோல்ட், பதினெட்டு ஓம், அரை ஆம்பியர். ஒரு எழுத்துகூடத் தவறில்லை.

அதே கட்டில் அவள் தாளுக்கு இரண்டு தாள் தள்ளி ஒரு பையனுடையது இருந்தது. சாருடைய டியூஷன் பையன். அவனுக்குப் பத்துக்குப் பத்து. ஒன்றரைப் பக்கம், மூன்று மூடிய சுற்றுகள், கிர்ச்சாஃபின் இரண்டு விதிகளும் தலைப்பில் எழுதிப் பெட்டி போட்டிருந்தான். நான் சந்திகளைப் பார்த்தேன். கால்வனாமீட்டர் வழியே ஒரு மின்னோட்டம் மேலிருந்து கீழே இறங்குவதாக அவன் எடுத்துக்கொண்டிருந்தான். அப்படி எடுத்தால் மேல் சந்தியில் அதைக் கழிக்க வேண்டும், கீழ்ச் சந்தியில் வந்து சேர்வதால் கூட்ட வேண்டும். அவன் இரண்டு இடத்திலும் கழித்திருந்தான். சந்தியில் வரும் மின்னோட்டமும் போகும் மின்னோட்டமும் சமம் என்ற முதல் விதியையே கீழ்ச் சந்தியில் உடைத்துவிட்டான். ஆனாலும் விடை சரி. ஏனென்றால் சமநிலையில், கடைசிச் சமன்பாட்டில் கால்வனாமீட்டர் மின்னோட்டத்தைப் பெருக்கும் எண்ணாக நூற்றெழுபது வந்தாலும் நூற்றுப்பத்து வந்தாலும் வலப்பக்கம் சுழிதான். எந்த எண்ணால் வகுத்தாலும் சுழி. சரியாகப் போட்டவனுக்கு நூற்றெழுபது, இவனுக்கு நூற்றுப்பத்து. தவறு இருந்த தடமே தெரியாமல் போய்விட்டது.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு நான் நேராக ஆசிரியர் அறைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. எல்லாரும் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்றே நடந்தேன்.

"சார், இந்தப் பிள்ளைக்கு ரெண்டு மார்க் போட்டிருக்கீங்க. எது தப்புன்னு சொல்லுங்க."

அவர் டிபன் பாக்ஸிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வழி எங்க போட்டிருக்கு? கிர்ச்சாஃப் விதியில வந்த கணக்கு. விதியே எழுதாம விடை எழுதினா காப்பி அடிச்சதுன்னுதான் எடுத்துக்கிடணும்."

"கேள்வியில கிர்ச்சாஃப் பேரே இல்லையே சார். விகிதத்தைப் பாத்து கிளையை எடுத்தது வழி இல்லையா?"

"இருக்கிற கம்பியை இல்லைன்னு சொல்லுதது வழியா? அங்கன நாப்பது ஓம் தொங்குது டீச்சர். அதைக் கண்ணால பாத்துட்டே இல்லைங்கா."

"சரி. இந்தப் பையனுக்குப் பத்து போட்டிருக்கீங்களே, கீழ்ச் சந்தியைப் பாத்தீங்களா?"

தாளை அவர் முன்னால் வைத்து விரலால் காட்டினேன். அவர் பார்த்தார். உடனே புரிந்துவிட்டது அவருக்கு. காது மடல் சிவந்தது. தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"வந்து ஆறு மாசம் ஆகல. எனக்கு சந்தி எதுன்னு காட்ட வாரீங்க. விடை சரியா இருக்கா இல்லையா?"

"அந்தப் பிள்ளைக்கு விடை சரியா இருந்தா போதாது, வழி வேணும். இந்தப் பையனுக்கு வழி தப்பா இருந்தாலும் விடை போதும். அப்படித்தானே சார்?"

வரலாற்று ஆசிரியர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. சீனியர் சார் டிபன் பாக்ஸை மூடி, கைகூடக் கழுவாமல் எழுந்து தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

அடுத்த நாள் விசாரணை. தலைமையாசிரியர் தமிழாசிரியராக இருந்து வந்தவர். ஓமும் ஆம்பியரும் அவருக்கு எரிச்சல் தந்தன. "கிளை உண்டா, இல்லையா? ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க" என்றார். நான் ஆய்வகத்தில் காட்டுகிறேன் என்றேன். ஆய்வகச் சாவி அன்று இழுப்பறையில் உடனே கிடைத்தது.

நான்கு மின்தடைப் பெட்டிகள். செருகிகளை எடுத்து பத்து, இருபது, பதினைந்து, முப்பது என்று வைத்தேன். ஒன்பது வோல்ட் வைத்தால் பெட்டிச் சுருள்கள் சூடாகும் என்று இரண்டு வோல்ட் மட்டும் கொடுத்தேன். மின்கலத்தோடு தொடரில் ஒரு அம்மீட்டர். மின்சாவியை அழுத்தினேன். கால்வனாமீட்டர் முள் நடுவில் அசையாமல் நின்றது. அம்மீட்டர் சுழியில் இல்லை, மின்னோட்டம் ஓடுகிறது. பிறகு கால்வனாமீட்டரின் ஒரு கம்பியைத் திருகைத் தளர்த்தி வெளியே எடுத்தேன். அம்மீட்டர் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி இணைத்தேன். அதே இடம். "இதுக்கு மேலயும் கீழயும் மின்னழுத்தம் ஒண்ணுதான் சார். ரெண்டு பக்கமும் ஒரே மட்டம். இந்தக் கம்பியில ஓடுததுக்கு எதுவும் இல்ல. இருந்தாலும் ஒண்ணுதான், எடுத்தாலும் ஒண்ணுதான்."

தலைமையாசிரியர் குனிந்து முள்ளையே பார்த்தார். "எடுத்தாலும் அசையல" என்றார்.

சீனியர் சார் சுவரோரமாக நின்றார். "பெட்டியில காட்டுதது வேற, பரீட்சையில எழுதுதது வேற" என்றார். "இப்படிக் கிளையை எடுக்கச் சொல்லிக் கொடுத்தா பிள்ளைக எல்லாத்துலயும் எடுக்கும். பொதுத் தேர்வுல தெரியும்."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. மதிப்பெண்ணைப் பத்தாக மாற்றச் சொல்லி தலைமையாசிரியர் தாளை அவரிடம் கொடுத்தார். அவர் இரண்டை அடித்துப் பத்து என்று எழுதியபோது பேனா தாளைக் கிழித்தது.

இதில் நான் நினைத்துப் பார்க்காத ஒருத்தி அந்தப் பசுவந்தனைப் பெண். விசாரணைக்கு அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான்தான் சொன்னேன், அவளே வந்து விளக்கட்டும் என்று. தலைமையாசிரியரும் இரண்டு ஆசிரியர்களும் நிற்க, ஆய்வக வாசலில் தாவணி நுனியைத் திருகிக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மிதிவண்டிக் கொட்டகைப் பக்கம் அவளைப் பிடித்து, "பாத்தியா, பத்து வாங்கிக் கொடுத்துட்டேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை.

"நான் கேட்டனா டீச்சர்?"

"என்னம்மா?"

"மார்க்கு வாங்கித் தாங்கன்னு நான் கேட்டனா? செய்முறை ரெக்கார்டுல ரெண்டு பிரிவுக்கும் சார்தான் கையெழுத்துப் போடணும். இன்னைக்கு கொண்டு போனேன், பாக்காமலே தூக்கி எறிஞ்சிட்டாரு. எல்லாத்தையும் திரும்ப எழுதிட்டு வான்னு சொல்லுதாரு. பதினஞ்சு செய்முறை. எங்க வீட்டுல பருத்தி எடுப்பு நடக்கு, நான் எப்ப எழுத?" பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உங்களுக்கும் அவியளுக்கும் சண்டை. அதுக்கு என் தாளுதான் கெடச்சுதா?"

பஸ் வந்துவிடும் என்று போய்விட்டாள். நான் கொட்டகையில் நின்றேன். அவள் சொன்னது பொய்யில்லை. அவளுடைய நாலு வரியை நான் அவருக்கு எதிராகத்தான் எடுத்துக்கொண்டு போனேன். அவளுக்காக என்றால், முதலில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த ரெக்கார்டில் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று மறுநாள் சொன்னேன். "நீங்க ஒண்ணும் செய்யாதீங்க டீச்சர்" என்றாள். அவள் பதினைந்தையும் திரும்ப எழுதினாள்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ஜனவரி முழுக்க நான் என் வகுப்பில் அந்தச் சாய்சதுரத்தையே போட்டுக்கொண்டிருந்தேன். பலகையில் வரைந்து, நடுக் கிளையை டஸ்டரால் ஒரே இழுப்பாக அழிப்பேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். டியூஷன் பிள்ளைகளும் தட்டினார்கள் என்பதில் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம். போட்ட கணக்கெல்லாம் சமநிலைக் கணக்கு. விகிதத்தைச் சரிபார்க்கச் சொன்னேனா என்றால் சொன்னேன், ஆனால் ஒரே ஒரு தடவைகூட விகிதம் பொருந்தாத படம் ஒன்றைப் போட்டுக் காட்டவில்லை. படத்தைப் பார்த்ததும் அழி என்றுதான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு. வினாத்தாள் வெளியிலிருந்து வந்தது. அதே சாய்சதுரம். மேலே பத்து, இருபது. கீழே பதினைந்து, ஆனால் அடுத்தது முப்பது இல்லை, இருபது. மின்கலம் ஐந்து புள்ளி எட்டு வோல்ட். கால்வனாமீட்டர் அதே நாற்பது ஓம். அதன் வழியே செல்லும் மின்னோட்டம் காண்க.

தேர்வு முடிந்த மறுநாள் சீனியர் சார் என் பிரிவின் கட்டைத் திருத்திக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். போட்டார் என்றால் மேலேயிருந்து போட்டார். ஆசிரியர் அறையில் இப்போதும் அதே எட்டுப் பத்துப் பேர்.

"எண்ணிப் பாருங்க டீச்சர். உங்க டஸ்டர் எத்தனை பேரை அழிச்சிருக்குன்னு."

நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். சுழி. சுழி. சமநிலையில் இருப்பதால் கிளையை நீக்க, சுழி. பாதிக்கு மேல் அப்படித்தான். ஒருவன் பதினைந்தும் இருபதும் என்று எழுதி, அதற்குப் பக்கத்திலேயே 'விகிதம் சமம்' என்று எழுதி, நான் பலகையில் இழுப்பதைப் போலவே ஒரு கோடு போட்டிருந்தான்.

"பேச்சையே காணோம்" என்றார் அவர். "ஆய்வகத்துக்குப் போவமா? தலைமையாசிரியரைக் கூப்பிடவா?"

அப்போது நான் அமைதியாக இருந்திருக்க வேண்டும். என் மேசையில் அவருடைய 'அ' பிரிவின் கட்டு நான் திருத்தியபடி இருந்தது. எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். "இதையும் எண்ணுங்க சார்" என்றேன். அவருடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் கிளையை நீக்கவில்லை. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். ஆனால் கீழ்ச் சந்தியில் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தார்கள். அந்தப் பையன் மட்டுமல்ல, டியூஷன் குறிப்பேட்டிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறது. இத்தனை வருடமும் அதில் இருந்தது சமநிலைக் கணக்கு மட்டும் என்பதால் யாருக்கும், அரையாண்டில் அவர் பிரிவைத் திருத்திய எனக்கும், தெரியாமல் கிடந்தது. இந்தத் தடவை சுழி வந்து அதை மூடவில்லை. எல்லாருக்கும் ஒரே தவறான விடை.

அவர் நாலைந்து தாளைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் அப்போதும் விடவில்லை. "பதினேழு வருசம் சார்" என்றேன்.

அந்த வார்த்தையை இன்று சொல்ல மாட்டேன். அன்று சொன்னேன். அவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு, "உங்க மூஞ்சியில முழிக்கக் கூடாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். யாரும் சிரிக்கவில்லை. வரலாற்று ஆசிரியர் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கட்டில் சரியான விடை எழுதியவர்கள் மூன்று பேர். அதில் பசுவந்தனைப் பெண்ணும் ஒருத்தி. முதல் வரியில் விகிதத்தைப் பார்த்திருந்தாள். பொருந்தவில்லை என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். பிறகு மேல் சந்தியில் கழித்து, கீழ்ச் சந்தியில் கூட்டி, மூன்று சுற்றுச் சமன்பாடுகள். மேலே முதல் கையில் கால்வனாமீட்டர் மின்னோட்டத்தைப் போல இருபது மடங்கு, கீழே பதினாறு மடங்கு என்று பிரித்து, கடைசியில் கால்வனாமீட்டரில் பூச்சியம் புள்ளி பூச்சியம் ஒன்று ஆம்பியர் என்று கொண்டுவந்திருந்தாள். சீனியர் சார் அவளுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தார். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை.

நான் அடுத்த நாள் வகுப்பில் அதே கணக்கைப் பலகையில் போட்டேன். "தப்பு என்னுது. நான்தான் உங்களுக்கு அழிக்க மட்டும் சொல்லிக் கொடுத்தேன்" என்றேன். பொதுத் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது, அவர்கள் முகத்தில் கோபம்தான் இருந்தது. பின் பெஞ்சில் ஒருவன், "சார் அப்பவே சொன்னாரு" என்றான், நான் கேட்கும்படியாக. அவனை வெளியே அனுப்பவில்லை. முதலில் விகிதம், பொருந்தினால் மட்டும் நீக்கு, பொருந்தாவிட்டால் சந்தி, பிறகு சுற்று என்று மூன்று நாள் விதவிதமான எண்களைப் போட்டு எழுத வைத்தேன். பலகையில் கிளையை அழிப்பதை விட்டுவிட்டேன். அதன் மேல் சுழி என்று எழுதிவிட்டு அப்படியே வைப்பேன்.

சீனியர் சாரும் தன் பிரிவில் அந்தச் சந்தியைத் திருத்திக் கொடுத்தார் என்று பிள்ளைகள் சொல்லிக் கேட்டேன். அந்த ஒரு மாதமும் நாங்கள் ஒரே அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். சாவி வேண்டுமானால் அட்டெண்டரிடம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்வேன்.

பொதுத் தேர்வில் அந்தச் சுற்றிலிருந்து கணக்கே வரவில்லை. பசுவந்தனைப் பெண் நல்ல மதிப்பெண் வாங்கினாள், அவளுக்குக் கணிதம் படிக்க இடம் கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த அன்று எதிரில் நான் நின்றிருந்தேன். "வாரேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். மரியாதைக்குக் குறைவில்லை, அதற்கு மேலும் ஒன்றும் இல்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது எனக்குப் பன்னிரண்டாம் வகுப்பு இல்லை. எட்டாம் வகுப்பு அறிவியலும் ஒன்பதாம் வகுப்பு அறிவியலும் கொடுத்தார்கள். தலைமையாசிரியரிடம் காரணம் கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே பாடத்துல இருந்தா பள்ளிக்கூடம் நடக்காது. அவரு பழைய ஆளு, நீங்க புது ஆளு. வேற என்ன செய்யச் சொல்லுதீங்க?" என்றார். இரண்டு வருடம் அப்படி இருந்துவிட்டு அரசுப் பள்ளி வேலை கிடைத்துக் கழுகுமலைப் பக்கம் மாறிப் போனேன்.

அதன் பிறகு ஒருமுறை விடைத்தாள் திருத்தும் முகாமில் அவரைப் பார்த்தேன். எங்களை ஒரே மேசையில் போட்டிருந்தார்கள். அவர் தலை முழுக்க நரைத்திருந்தது. நான் வணக்கம் சொன்னேன். அவர் தலையை ஆட்டவும் இல்லை, ஆட்டாமலும் இல்லை. மேற்பார்வையாளரிடம் போய் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் அவருடைய கட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்தார். நான் முதல் தாளைப் பிரித்தேன்.